பொத்தானுக்குள் அடங்காத அரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் சிறிய வடிவமைப்பு அறையில் முன்பெல்லாம் திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா மலரும்தான் அதிகம். இப்போது பாதி வேலை செயலிகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள். புக்கிட் பிந்தாங்குக்கு வரும் அரபுப் பயணிகளுக்காக, தங்கும் அறை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றின் அரபுத் திரைகளைத் தயாரித்தபோது பட்ட பாட்டிலிருந்தே கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் வருகின்றன. இதே வேலையைச் செய்யும் கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள் தொலைபேசியில் கேட்டவையே கேள்விகள்.

அரபு வரி பொத்தானை விட்டு வெளியே நிற்கிறது. எழுத்தின் அளவைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரபு எழுத்தில் புள்ளிதான் உயிர். ب، ت، ث ஆகிய மூன்றுக்கும் உடல் ஒன்றே; கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்பதில்தான் வேறுபாடு. சொல்லின் நடுவில் வரும்போது ن, ي இரண்டும் இதே பல் வடிவத்துக்கு வந்துவிடும். ஐந்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது புள்ளி மட்டுமே. ஐபோனில் திரையின் அடியில் உள்ள மெனுப் பட்டையின் எழுத்து வழக்கமாக 10 பாயின்ட். ஆங்கிலத்துக்கே அது சிறியது. அதே 10 பாயின்டில் அரபு இன்னும் சிறியதாகத் தெரியும், ஏனென்றால் பல எழுத்துருக்களில் அரபு எழுத்தின் உடல் குட்டை. மேலும் கீழும் நீள்பவற்றுக்கே உயரத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. நியாயமாகப் பார்த்தால் அரபுக்கு ஒரு பாயின்ட் கூட்டித் தர வேண்டும். நாம் குறைக்கப் பார்க்கிறோம்.

தானாகச் சுருக்கிக்கொள்ளும் வசதியை நிரலாளர் இயக்கிவிட்டால் இன்னொரு கூத்து நடக்கும். நீளமான சொல் மட்டும் சிறுத்து, பக்கத்துச் சொல் பெரிதாக நிற்கும். ஐந்து பொத்தான்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் அது பல் விழுந்த சிரிப்பைப் போல இருக்கும்.

அப்படியானால் முதலில் எதில் கை வைப்பது?

சொல்லில். எங்கள் முன்பதிவுச் செயலியின் அடிப்பட்டையில் ஐந்து பொத்தான்கள்: முகப்பு, தேடல், என் முன்பதிவுகள், விருப்பப் பட்டியல், என் கணக்கு. திரையின் அகலம் 375 பாயின்ட். ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுக்கு 75. பக்கத்துச் சொல்லோடு ஒட்டாமலிருக்க இருபுறமும் நான்கு நான்கு விட்டால் மிச்சம் 67. மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வந்த பட்டியல் இது:

الصفحة الرئيسية
البحث عن الغرف
الحجوزات الخاصة بي
قائمة المفضلة
الحساب الشخصي

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது வரி மட்டுமே இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்து. பட்டையில் போட்டுப் பார்த்தபோது இருபுறத்துச் சொற்களோடும் மோதிக்கொண்டு நின்றது.

அந்த மூன்றாவது வரியையே பிரித்துப் பார்ப்போம். الحجوزات (அல்ஹுஜூஸாத்) என்றால் முன்பதிவுகள். الخاصة بي (அல்காஸ்ஸா பீ) என்றால் 'எனக்கு உரியவை'. 'எனக்கு உரிய முன்பதிவுகள்' என்று நீட்டி முழக்கியிருக்கிறார். தமிழில் 'என்' என்ற ஒரு சொல்லால் முடிகிற வேலைக்கு அரபு ஒரு சொல்கூட எடுத்துக்கொள்வதில்லை. பெயர்ச்சொல்லின் கடைசியில் ي ஒன்றை ஒட்டினால் போதும். حجوزاتي (ஹுஜூஸாத்தீ), 'என் முன்பதிவுகள்'. பதினெட்டு எழுத்து ஏழாகிவிட்டது, பொருளில் ஒன்றும் குறையவில்லை. கணக்குக்கும் இதே வழிதான்: الحساب الشخصي என்பது 'தனிப்பட்ட கணக்கு', அதை விட்டு حسابي (ஹிஸாபீ) என்றால் 'என் கணக்கு'. இரண்டு பொத்தான்களும் ஒரே வாய்பாட்டில் அமைந்துவிடுவது கூடுதல் ஆதாயம்.

முகப்புக்கு வந்த الصفحة الرئيسية என்பது 'முதன்மைப் பக்கம்'. 'பக்கம்' என்பதை விட்டுவிட்டு الرئيسية (அர்ரயீஸிய்யா) என்று மட்டும் வைத்தோம்; அரபுச் செயலிகளில் பழகிய வழக்கம் இது. தேடலில் 'அறைகளை' என்பது தேவையில்லை, பூதக்கண்ணாடிப் படமே மேலே இருக்கிறது: بحث (பஹ்ஸ்). விருப்பப் பட்டியலில் 'பட்டியல்' என்று பொருள்படும் قائمة போனது: المفضلة (அல்முஃபள்ளலா).

இங்கே ஒரு குழி இருக்கிறது. البحث என்பதன் தலையில் ஆங்கிலத்தின் the போல ஒட்டியிருந்த ال போனதைப் பார்த்துவிட்டு, மற்ற சொற்களிலும் அதை வெட்டி இரண்டு எழுத்து மிச்சம் பிடிக்க எங்கள் பையன் ஒருவன் புறப்பட்டான். தேடல் ஒரு பெயர்ச்சொல், ال இல்லாமலும் தனியாக நிற்கும். الرئيسية அப்படியல்ல. அது ஓர் அடைமொழி. விட்டுப்போன 'பக்கம்' என்ற சொல்லுக்குப் பதிலாக அதை நிற்க வைப்பதே ال தான். அதை எடுத்துவிட்டால் 'முதன்மையான' என்று தொங்கும், எது முதன்மையான என்று படிப்பவர் கேட்பார். المفضلة என்பதிலும் அப்படியே.

மொழிபெயர்ப்பாளர் ஏன் இப்படி நீட்டுகிறார்? சொல்லுக்குக் காசு என்பதாலா?

அந்தச் சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பிறகு நாங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான வரிகள், படம் ஒன்றுகூட இல்லை. எது பொத்தான், எது தலைப்பு, எது உதவிக்குறிப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது எங்கே வைத்தாலும் பிழையாகாத முழு வாக்கியத்தையே யாரும் எழுதுவார்கள்.

பொத்தானுக்கு எழுதும்போது அரபிலும் தமிழைப் போலவே ஒரு தேர்வு உண்டு. நாம் 'சேமி' என்று வைக்கலாம், 'சேமிக்கவும்' என்றும் வைக்கலாம். இரண்டாவது பணிவானது, ஆனால் பொத்தானை நிரப்பிவிடும். அரபில் அந்தப் பணிவு நீட்டலுக்கு இணையாக நடப்பது قم بـ (கும் பி) என்ற தொடக்கம். 'இதைச் செய்யுங்கள்' என்கிற மாதிரி. قم بتسجيل الدخول என்று வந்தால் முதல் சொல்லையும் அதைத் தொடரும் ب எழுத்தையும் எடுத்துவிடுங்கள். تسجيل الدخول (தஸ்ஜீலுத் துகூல்), அதாவது 'உள்நுழைவு', அப்படியே நிற்கும். இதுபோன்ற தொழிற்பெயரை அரபு இலக்கணத்தில் மஸ்தர் என்பார்கள். அரபுச் செயலிகளில் பெரும்பாலான பொத்தான்கள் மஸ்தரே: حفظ சேமித்தல், حذف நீக்குதல், إرسال அனுப்புதல். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஏவல் வினையாக வைத்தால் ஆணுக்கு احفظ, பெண்ணுக்கு احفظي என்று பால் பார்க்க வேண்டும். மஸ்தருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது நாங்கள் கோப்போடு ஒவ்வொரு திரையின் படத்தையும் அனுப்புகிறோம். வரிக்குப் பக்கத்தில் 'பொத்தான், 67 பாயின்ட் அகலம், மஸ்தர் போதும்' என்று எழுதிவிடுகிறோம். திரும்பி வரும் வரிகளில் கை வைக்க வேண்டியவை வெகுவாகக் குறைந்துவிட்டன. மற்றபடி, சொல்லை நாமாகவே மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மாற்றியதை அவருக்கே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

'பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கூடாது' என்று வரம்பு சொன்னால் எளிதல்லவா?

எளிதுதான், ஆனால் பயனில்லை. ا ஒரு குச்சி. சொல்லின் கடைசியில் வரும் س அல்லது ض ஒரு கிண்ணத்தையே விரித்து வைத்ததுபோல அகலம். எழுத்துகள் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்களின் அகலம் ஒன்றாக இருக்காது. எழுத்துருவை மாற்றினாலும் மாறும். அகலத்தைச் சொல்லுங்கள், வந்ததை அந்த எழுத்துருவிலேயே போட்டு அளந்து பாருங்கள்.

அடங்காத பகுதியை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடலாமா?

நீளமான பட்டியலில் ஒருவரது முகவரிக்கு அது பொருந்தும். பொத்தானுக்குப் பொருந்தாது. كتابة تعليق (கிதாபத் தஃலீக்) என்றால் 'கருத்து எழுதுதல்'. இடம் போதாமல் நான்காவது எழுத்தோடு வெட்டுப்பட்டால் மிஞ்சுவது كتاب. அது 'புத்தகம்'. வெட்டுப்பட்ட இடத்தில் கடைசி எழுத்து பல சமயம் சொல்லின் ஈற்று வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே சொல் அங்கே இயல்பாக முடிந்ததுபோலவே தோன்றும், குறைபட்டது என்று கண்ணுக்கு எட்டாது. இன்னொரு வகை வெட்டில் إلغاء الحجز என்பது إلغاء ال… என்று முடியும். ال என்பதற்குத் தனியாகப் பொருள் ஒன்றும் இல்லை.

புள்ளிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். அரபு வலமிருந்து இடம் போவதால் அவை இடது முனையில் நிற்க வேண்டும். வலது முனையில் நின்றால், அந்த வரியின் திசையை மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கினால்?

ஆங்கிலத்துக்குச் செய்யும் வழக்கம் அது. அரபு கூட்டெழுத்து, எழுத்துக்கு எழுத்து கைகோத்துக்கொண்டு நிற்கும். விரித்தால் கை விடுபடும், நெருக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இடைவெளி சுழியமாகவே இருக்கட்டும். வலைத்திரையாக இருந்தால் இவ்வளவு போதும்:

```css
button:lang(ar) {
  letter-spacing: 0;
  line-height: 1.6;
}
```

இதோடு சேர்த்து ஒன்றைத் தேடிப் பாருங்கள். அழகுக்காகச் சொல்லை இழுத்து நீட்டும் ـ என்ற குறி ஒன்று அரபில் உண்டு. பெயர் கஷீதா, யூனிகோடில் U+0640. விளம்பரத் தாளிலிருந்து எடுத்து ஒட்டிய சொல்லில் அது ஒளிந்திருக்கும்: حـفـظ. எடுத்துவிட்டால் حفظ. சொல்லை மாற்றாமல் கிடைக்கும் சுருக்கம் இது ஒன்றுதான்; ஆனால் எப்போதும் கிடைக்காது.

வரியின் உயரத்தை ஏன் கூட்டச் சொல்கிறீர்கள்? பிரச்சினை அகலத்தில்தானே?

அகலத்தைச் சரிசெய்துவிட்டு நிமிரும்போதுதான் உயரம் காலை வாரும். حسابي என்பதன் கடைசியில் உள்ள ي கீழே வளைந்து, அதற்கும் கீழே இரண்டு புள்ளி வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பெட்டியில் அந்தப் புள்ளிகள் வெட்டுப்படும். إلغاء என்பதன் முதல் எழுத்துக்கு அடியில் உள்ள ஹம்ஸா என்னும் சிறு குறிக்கும் அதே கதி. வெட்டு சுத்தமாக நேர்கோட்டில் விழுவதால் பிழை என்றே தெரியாது. எங்கள் சோதனை எளிது: திரையில் ஒரு கணம் إجي என்று தட்டிப் பார்ப்போம். பொருளுக்காக அல்ல; அடியில் வரும் ஹம்ஸா, புள்ளி, வளைவு மூன்றும் அதில் இருக்கின்றன. அது முழுதாகத் தெரிந்தால் மற்றவையும் பெரும்பாலும் தெரியும்.

பொத்தானை இரண்டு வரியாக்குவதும் தவறில்லை, உயரம் கொடுக்க முடிந்தால். சொல்லுக்கு நடுவே உடைக்காதீர்கள். அரபில் சொல்லைக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் இல்லை.

ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாக விழுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பில் நன்றாகத்தான் இருந்தது.

இதில் எங்களுக்கு ஒரு வெட்கக் கதை இருக்கிறது. அந்தச் செயலிக்கு ஆறு படங்களை அனுப்பிவிட்டோம். 'முன்பதிவு' என்று பொருள்படும் حجز பெரிய பச்சைப் பொத்தானில் பளிச்சென்று இருந்தது. வாடிக்கையாளர் தரப்பில் யாரும் அரபு அறியாதவர்கள், பாராட்டியும் விட்டார்கள். அந்தச் சமயத்தில் தேநீருக்கு வந்த நாகூர் வழிப் பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன, அலிஃப் பே பாடம் நடத்துகிறீர்களா?" என்றார். மூன்று எழுத்தும் கைகோக்காமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றுகொண்டிருந்தன. அரபு அறிந்தவர் வலப்பக்கமிருந்து படித்தால் ஸாய், ஜீம், ஹா. தமிழில் 'கொ' என்பது 'ெகா' என்று உடைந்து விழுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே நோய்தான், தலைகீழாக வேறு.

சொல்லில் குறையில்லை. மென்பொருள் அதை இணைத்துக் கோக்கவில்லை, அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் `Preferences` பகுதியில் `Type` என்பதற்குள் போய் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பழைய உரை அடுக்கு திருந்தாவிட்டால் புதிய அடுக்கில் மறுபடி ஒட்டுங்கள். எழுத்துகளைத் திருப்பிப் போட்டுத் தரும் குறுக்குவழிகளை நாடாதீர்கள். படத்தில் சரியாகத் தெரிந்தாலும், அடுத்த முறை ஒரு சொல்லை மாற்றும்போது எல்லாம் மறுபடி குலையும்.

அரபு அறியாதவரும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ا، د، ذ، ر، ز، و ஆகிய ஆறும் தமக்கு அடுத்த எழுத்தோடு சேராது. தனித்து நிற்கும் ஹம்ஸாவான ء தவிர மற்றவை ஒரு சொல்லுக்குள் அடுத்ததோடு சேர்ந்தே ஆக வேண்டும். حجز என்பதில் முதல் இரண்டும் அந்த ஆறில் இல்லை. ஆகவே சொல்லில் எங்கும் இடைவெளி தெரியக் கூடாது.

சுருக்கியதில் பொருள் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொத்தானைத் தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்பதோடு சேர்த்துப் பாருங்கள். எங்கள் செயலியில் முன்பதிவை ரத்துசெய்யும் பெட்டி ஒன்று எழும். ஒரு பொத்தான் إلغاء الحجز (இல்காவுல் ஹஜ்ஸ்), 'முன்பதிவை ரத்துசெய்'. மற்றொன்று பெட்டியை மூடிவிட்டுத் திரும்புவதற்கு; ஆங்கிலத்தில் அதற்கு வைத்த சொல்லை அரபாக்கியபோது அதுவும் إلغاء என்றே வந்திருந்தது. முதல் பொத்தான் அடங்கவில்லை என்று நான் الحجز என்பதை வெட்டினேன். பிறகு பார்த்தால் இரண்டு பொத்தானிலும் إلغاء. ஒன்று முன்பதிவை அழிக்கும், மற்றொன்று அழிக்காது. பணம் கட்டியவர் எதை அழுத்துவார்?

நீளமான பொத்தானை நீளமாகவே விட்டுவிட்டு, மற்றதை رجوع (ருஜூஃ), 'திரும்பு', என்று மாற்றினோம். அது சிறியது. மிஞ்சிய இடம் முதல் பொத்தானுக்குப் போனது. ஒரு பொத்தானின் இடப் பஞ்சத்துக்கு மருந்து பக்கத்துப் பொத்தானில் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஜாவி படிக்கும் மலாய் நண்பர் இருக்கிறார். பினாங்கில் என் மாமாவோ குர்ஆனைச் சரளமாக ஓதுவார். அவர்களிடம் காட்டினால் போதாதா?

எழுத்து இணைந்திருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, திசை சரியா என்று பார்க்க இருவரும் போதும். எங்களைக் காப்பாற்றியவரும் அப்படிப்பட்டவர்தான். சொல் பொருத்தமா என்று கேட்பதற்கு அவர்கள் போதாது.

ஜாவி அரபு எழுத்தில் எழுதிய மலாய். அதில் அரபில் இல்லாத ڠ، ڤ போன்ற எழுத்துகளும் உண்டு. அதைப் படிப்பவர் حسابي என்பதை உச்சரித்துக் காட்டுவார், சேமிப்புக் கணக்கா செயலிக் கணக்கா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. உங்கள் மாமாவுக்கோ ஹிஸாப் என்றால் மறுமை நாளின் கணக்கு நினைவுக்கு வரும். ஹிஃப்ழ் என்றால் குர்ஆனை மனனம் செய்வது. حفظ என்று பொத்தானில் பார்த்து அவர் திகைத்தால் அது பிழையல்ல. காத்துவைத்தல் என்ற ஒரே வேரிலிருந்து மனனமும் சேமிப்பும் பிறக்கின்றன. 'கணக்கு' என்ற நம் சொல் கடைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் பொதுவாக இருப்பதைப் போலத்தான்.

மாமா இன்னொன்றும் செய்வார்: உயிர்க்குறிகளைக் காணோம் என்று சேர்க்கச் சொல்வார். ஓதிப் பழகிய கண்ணுக்கு அவை இல்லாத எழுத்து அரைகுறை. செயலிகளிலும் செய்தித்தாள்களிலும் அவற்றைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அகலம் அதிகமாகாது என்றாலும், மேலும் கீழும் குறிகள் ஏறிச் சின்னப் பொத்தான் கறுத்துவிடும். பணிவாக மறுத்துவிடுங்கள்.

நேரம் இல்லை. படத்தில் மட்டும் சின்னச் சொல்லைப் போட்டு அனுப்பிவிடலாமா?

படத்தில் حجوزاتي, கைப்பேசியில் الحجوزات الخاصة بي. படத்தைப் பார்த்துச் செயலியை இறக்கியவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். கையேட்டுப் படமாக இருந்தால் இன்னும் மோசம். செயலியின் அரபுச் சொற்கோப்பில் மாற்றச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் அது `values-ar/strings.xml`. பிறகு கைப்பேசியை அரபுக்கு மாற்றி மறுபடி படம் எடுங்கள். செயலியை வலமிருந்து இடம் போகும் மொழிக்கும் ஏற்பச் செய்திருந்தால், பொத்தான்களின் வரிசையும் பின்செல்லும் அம்பும் தாமாகவே திசை மாறியிருக்கும். ஆங்கிலப் படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டும் வேலையும் மிச்சம்.

கடைசியாக எப்படிச் சரிபார்ப்பது?

கணினியில் நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, கை நீட்டிய தூரத்தில் பிடித்து, بحث என்பதில் ب க்குக் கீழே ஒரு புள்ளியும் ث க்கு மேலே மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஒரே கறையாகத் தெரிந்தால் மறுபடி சொல்லுக்குப் போங்கள்.